விரற்கடை அளவில் திருமணம்: கை விளிம்பு ரேகைகளின் ஆழமும் நீளமும்

உள்ளங்கையை முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டு சுண்டு விரலைச் சற்றே உள்நோக்கி மடக்கினால், அந்த விரலின் அடிக்கும் அதற்குக் கீழே தொடங்கும் இருதய ரேகைக்கும் இடையில், கையின் வெளி விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் சில குறுங்கோடுகள் புலப்படும். ஒரு கையில் ஒன்று மட்டும் இருக்கும். இன்னொரு கையில் மூன்று நான்கு இருக்கும். வளர்ந்தவர் ஒருவரின் கையில் இவை அமைந்திருக்கும் இடத்தின் உயரம், நம் முன்னோர் விரற்கடை என்று சொன்ன அளவைப் பெரும்பாலும் தாண்டாது. இந்தச் சிறிய இடத்தைத்தான் கைரேகை சாஸ்திரம் திருமணத்துக்கும் குழந்தைப்பேற்றுக்கும் உரிய இடமாக ஒதுக்கியிருக்கிறது. குறுக்கே ஓடும் கோடுகள் திருமண ரேகை, விவாக ரேகை, களத்திர ரேகை என்று பல பெயர்களில் வழங்குகின்றன. அவற்றின்மேல் செங்குத்தாக எழும் மெல்லிய கோடுகள் புத்திர ரேகை அல்லது சந்தான ரேகை எனப்படுகின்றன.

கை பார்ப்பவர் இந்தக் கோடுகளிடம் கேட்பவை இரண்டே கேள்விகள்: கோடு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது. பலன் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த இரண்டு விடைகளிலிருந்து கட்டப்படுவதால், அந்த முறையை அறிந்துகொண்டவர், சாஸ்திரம் எதை உறுதியாகச் சொல்கிறது, எதைப் பார்ப்பவர் தம் கைச்சரக்காகச் சேர்க்கிறார் என்பதைத் தாமே பிரித்தறிய முடியும்.

இரண்டு மரபுகள், ஓர் இலக்கணம்

இன்று தமிழில் விற்கும் கைரேகை நூல்களில் காணப்படும் திருமண ரேகை விதிகள் பெரும்பாலும் மேலை நாட்டுக் கைரேகை நூல்களின் வழியில் வந்தவை. அவற்றுள் அதிகம் பரவியது, கீரோ என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் ஜான் வார்னர் 1894-இல் வெளியிட்ட கையின் மொழி பற்றிய நூலாகும். 1866-இல் அயர்லாந்தில் பிறந்த அவர், கிரேக்க மொழியில் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே தம் புனைபெயரை அமைத்துக்கொண்டார். அவருக்குச் சில ஆண்டுகள் பின்னால், 1900-இல், அமெரிக்கரான வில்லியம் பென்ஹாம் கைரேகை விதிகளைத் தொகுத்துப் பெரிய நூலாக எழுதினார். பென்ஹாம் இந்தக் கோடுகளைத் திருமண ரேகை என்று சொல்வதையே விரும்பாமல் பாச ரேகை என்று குறித்தார். மணம் என்பது சட்டமும் சடங்கும் சேர்ந்த ஏற்பாடு, கையில் பதியக்கூடியது மனப்பிணைப்பு மட்டுமே என்பது அந்தப் பெயர்மாற்றத்தின் உட்பொருள்.

இந்திய மரபின் சாமுத்திரிகா லட்சணம், அதாவது உடலின் உறுப்பமைப்பைக் கொண்டு பலன் கூறும் நூல்வகை, இதைவிடப் பல நூற்றாண்டுகள் பழமையானது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் ஆண்களின் இலக்கணத்துக்கும் பெண்களின் இலக்கணத்துக்கும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. ஆனால் அங்கே குழந்தைகளைக் காட்டும் ரேகைகள் சுண்டு விரலடியில் இல்லை. கட்டை விரலின் அடியில், இன்று சுக்கிர மேடு எனப்படும் சதைப் பகுதியை ஒட்டி இருக்கின்றன. அங்கே பருத்த கோடு ஆண் குழந்தை, மெல்லிய கோடு பெண் குழந்தை. இடையில் அறாத கோடு நீண்ட ஆயுள், அறுந்தும் குறுகியும் இருக்கும் கோடு குறைந்த ஆயுள். மற்றொரு வேறுபாடு இதைவிட வியப்பானது. சுண்டு விரலடியிலிருந்து ஆள்காட்டி விரல் பக்கமாக ஓடும் கோட்டை இன்றைய நூல்கள் இருதய ரேகை என்று சொல்லிக் காதலையும் பாசத்தையும் அதில் படிக்கின்றன. வராகமிகிரரின் நூலிலோ அதே கோடு ஆயுளை அளக்கும் கோடு.

ஆக, இரு மரபுகளும் இடத்தில் ஒத்துப்போகவில்லை, பெயரிலும் ஒத்துப்போகவில்லை. பருமனும் நீளமும் அறாமையும் என்ன பொருள்படும் என்பதில் மட்டும் ஒத்துப்போகின்றன. ஆழமானது வலுவானது, நீண்டது நிலைப்பது, அறுந்தது தடைப்படுவது என்ற எண்ணம் கையைப் பார்த்துக் கண்டுபிடிக்கப்பட்ட உண்மையாக இருந்திருந்தால், ஒரே கையைப் பார்த்த இரு மரபினரும் ஒரே இடத்தைச் சுட்டியிருப்பார்கள். இடம் மாறியும் பொருள் மாறாதிருப்பது, இந்த இலக்கணம் கையிலிருந்து எழுந்ததன்று, உவமையிலிருந்து எழுந்தது என்பதைக் காட்டுகிறது.

ஆழம்: எப்படிப் பார்க்கிறார்கள், என்ன சொல்கிறார்கள்

பென்ஹாம் ரேகையை ஓர் ஆற்றல் ஓடும் வழியாகக் கருதினார். வாய்க்கால் ஆழமாகவும் கரை சிதையாமலும் இருந்தால் நீர் தங்குதடையின்றி ஓடும். அகன்று ஆழம் குறைந்தால் நீர் பரவித் தேங்கும். இந்த உவமையின்படி, குறுகலாகவும் ஆழமாகவும் ஒரே சீராகவும் பதிந்த திருமண ரேகை உறுதியான பிணைப்பைக் குறிக்கும். அகன்று மேலோட்டமாகக் கிடக்கும் ரேகை, வெளியில் தெரியும் அளவுக்கு உள்ளே வலுவில்லாத உறவைக் குறிக்கும். ஒரே கோடு விளிம்பில் ஆழமாகத் தொடங்கி உள்ளே போகப்போக மெலிந்தால் தொடக்கத்தின் வேகம் குறைந்துவரும் உறவு என்றும், மெலிதாகத் தொடங்கி உள்ளே ஆழப்பட்டால் பழகப்பழக வேரூன்றும் உறவு என்றும் படிக்கிறார்கள். பெற்றோர் பார்த்துச் செய்துவைக்கும் திருமணத்துக்கு இரண்டாவது அமைப்பு பொருத்தமாகத் தோன்றுவதால், நம் ஊரில் கை பார்ப்பவர்கள் அதை நல்ல அடையாளமாகவே சொல்வது வழக்கம்.

ஆழத்தைக் கண்ணால் மட்டும் அளக்க முடியாது. பக்கவாட்டில் ஒளி விழும்போது ஆழமற்ற சுருக்கத்துக்கும் நிழல் விழுந்து அது ஆழமானதுபோல் தெரியும். நேர் மேலிருந்து ஒளி விழும்போது ஆழமான கோடும் வெளிறிப்போகும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் இரு நிலைகளில் கையைப் பார்க்கிறார்கள். முதலில் சுண்டு விரலைத் தளர்வாக மடக்கச் சொல்லி எத்தனை கோடுகள் எழுகின்றன என்று எண்ணுகிறார்கள். பிறகு விளிம்புத் தோலைக் கட்டை விரலால் அழுத்தி இழுத்து, எவை மறையாமல் நிற்கின்றன என்று பார்க்கிறார்கள். மடக்கும்போது தோன்றி இழுக்கும்போது மறைவது சுருக்கம். இரு நிலைகளிலும் நிற்பது ரேகை. இந்தச் சோதனையைச் செய்யாமல் எண்ணுபவருக்கு ஒரே கையில் ஐந்து திருமண ரேகைகள்கூடத் தென்படும்.

கையை மையில் தோய்த்துத் தாளில் படியெடுக்கும் வழக்கமும் உண்டு. அப்படியெடுத்த படியில் மேடான தோல் கறுப்பாகவும் பள்ளமான ரேகை வெள்ளையாகவும் விழும். ஆனால் தட்டையாக வைத்து அழுத்திய கையில் வெளி விளிம்பு தாளைத் தொடாததால், திருமண ரேகையின் தொடக்கமே படியில் விழாது. அது விழ வேண்டுமானால் கையை விளிம்பின்மேல் மெதுவாக உருட்ட வேண்டும். அப்படி உருட்டினாலும் படியில் தெரிவது வெள்ளைக் கோட்டின் அகலம் மட்டுமே, ஆழம் அன்று. படியை மட்டும் வாங்கிக்கொண்டு ஆழத்தைப் பற்றிப் பலன் சொல்பவர் அகலத்தை ஆழமென்று எடுத்துக்கொள்கிறார். பென்ஹாமின் இலக்கணப்படியே அவ்விரண்டும் நேர்மாறான பலனுடையவை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நீளமும் முடியும் இடமும்

கீரோவின் விதிப்படி நீண்ட கோடுகள் மட்டுமே திருமணத்தைக் குறிக்கும். குறுகிய கோடுகள் ஆழ்ந்த அன்பையோ, பேச்சளவில் நின்றுபோன திருமணத்தையோ குறிக்கும். எது நீண்டது, எது குறுகியது என்பதற்கு மில்லிமீட்டர்க் கணக்கு எதுவும் வகுக்கப்படவில்லை. நடைமுறையில் சுண்டு விரலின் அகலமே அளவுகோலாகிறது: விளிம்பைத் தாண்டி, அந்த விரலுக்குக் கீழேயுள்ள புதன் மேட்டின் நடுப்பகுதிவரை வந்த கோட்டை நீண்டது என்றும், விளிம்பிலேயே நின்றுவிட்டதைக் குறுகியது என்றும் கொள்கிறார்கள். புதன் மேடு என்பது சுண்டு விரலடியில் சற்றே புடைத்திருக்கும் பகுதி. அதையடுத்து மோதிர விரலடியில் இருப்பது சூரிய மேடு.

நீளத்தைப் போலவே கோடு எங்கே, எப்படி முடிகிறது என்பதும் பார்க்கப்படுகிறது. நேராக ஓடி நின்றால் இயல்பான மணவாழ்வு. கீழ்நோக்கி வளைந்து இருதய ரேகையைத் தொட்டால் துணைவர் முன்னதாக இறப்பார் என்றும், மேல்நோக்கி வளைந்தால் மணம் கூடிவருவது அரிது என்றும் கீரோவின் மரபு கூறுகிறது. நுனி இரண்டாகப் பிளந்தால், அதாவது கவையாகப் பிரிந்தால், பிரிவு. இடையில் சிறு வட்டம்போல் கோடு விலகிச் சேர்ந்தால், அதாவது தீவு அமைந்தால், அந்த அமைப்பு நீடிக்கும் அளவுக்குத் துன்பம். கோட்டிலிருந்து ஒரு கிளை சூரிய மேட்டுக்கு ஏறினால் பெயர்பெற்றவரோடு மணம். கோடே கீழிறங்கி சூரிய ரேகையை வெட்டினால் மணத்தால் நிலை தாழ்தல்.

இந்த விதிகளுள் துணைவரின் மரணத்தைச் சொல்லும் விதிதான் அதிகத் தீங்கு விளைவிப்பது. வளைவு என்று எதைச் சொல்வது என்பதற்கு வரையறை இல்லை. விரலை மடக்கிப் பார்க்கும்போது விளிம்புத் தோல் கீழ்நோக்கித் தள்ளப்படுவதால், நேரான கோடும் சற்றே சாய்ந்து தெரியும். விரலை நீட்டியபின் அந்தச் சாய்வு இருக்கிறதா என்று பார்க்காமல் சொல்லப்படும் மாங்கல்ய தோஷப் பலன்கள், பார்க்கும் முறையிலுள்ள பிழையிலிருந்து பிறந்தவை.

வயதுக் கணக்கு

திருமணம் எந்த வயதில் என்பதை ஆழமோ நீளமோ சொல்வதில்லை. கோடு நிற்கும் உயரம் சொல்கிறது. இருதய ரேகைக்கு மிக அருகில் நிற்கும் கோடு 14 முதல் 21 வயதுக்குள் மணத்தையும், மேட்டின் நடுவில் நிற்பது 21 முதல் 28 வயதுக்குள் மணத்தையும், முக்கால் உயரத்தில் நிற்பது 28 முதல் 35 வயதுக்குள் மணத்தையும் குறிக்கும் என்று கீரோ பகுத்தார். ஏழேழு ஆண்டுகளாக அடுக்கிய இந்தப் பகுப்பில் முதல் படியே 14 வயதில் தொடங்குவது, அந்த விதி எந்தக் காலத்தின் மணவயதைக் கொண்டு அமைந்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. பெண்ணின் மணவயது 18, ஆணுக்கு 21 என்று சட்டம் வகுத்துள்ள இன்றைய இந்தியாவில், முதல் படியின் பெரும்பகுதி சட்டத்துக்குப் புறம்பான திருமணங்களுக்கே பொருந்தும்.

ஆகவே இன்று பலர் அந்த அடுக்கை விட்டுவிட்டு, இருதய ரேகையைத் தொடக்கமாகவும் இடைவெளியின் நடுப்புள்ளியை 25 வயதாகவும் விரலடியை 50 வயதாகவும் வைத்துச் சமமாகப் பிரிக்கிறார்கள். இடைவெளி 20 மில்லிமீட்டர் என்றால் இந்தக் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் இரண்டரை ஆண்டுக்குச் சமம். ரேகையின் சொந்த அகலமே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருக்கும்போது, அதன் மேல்கரையிலிருந்து அளப்பதா கீழ்க்கரையிலிருந்து அளப்பதா என்பதிலேயே ஓராண்டுக்கு மேல் போய்விடுகிறது.

புத்திர ரேகைகள்

திருமண ரேகையின்மேல் நின்று சுண்டு விரலை நோக்கி எழும் மெல்லிய செங்குத்துக் கோடுகளே புத்திர ரேகைகள். இவை பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்திருப்பதால், பூதக்கண்ணாடி வைத்தே பார்க்க வேண்டும் என்று நூல்களே அறிவுறுத்துகின்றன. எண்ணும் முறையும் வகுக்கப்பட்டுள்ளது: கையின் வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி எண்ண வேண்டும், முதலில் வருவது முதல் குழந்தை. பருத்தும் அகன்றும் இருப்பது ஆண், மெலிந்து குறுகியிருப்பது பெண். நேராக நிற்பது உடல்நலம், நெளிந்து நிற்பது நலிவு. தொடக்கத்தில் சிறு தீவு இருந்து பிறகு கோடு தெளிந்தால் இளமையில் நோயுற்றுத் தேறும் குழந்தை. மற்றவற்றைவிட நீண்டு நிற்கும் ஒரு கோடு பெற்றோருக்குப் பெருமை தேடித்தரும் பிள்ளை.

ஆழமும் நீளமும் மீண்டும் அதே வேலையைச் செய்வதை இங்கே காணலாம். திருமண ரேகையில் ஆழம் பிணைப்பின் வலுவாக இருந்தது. இங்கே அது பாலாக மாறுகிறது. வலுவானது ஆண், மெலிந்தது பெண் என்ற சமூக எண்ணமே விதியாக எழுதப்பட்டிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் கைரேகை நூல்களில் வேறில்லை.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இங்கே எழுகிறது. புதன் மேட்டில் நிற்கும் மூன்று நான்கு செங்குத்துக் கோடுகளை அதே நூல்கள் வைத்திய ரேகை என்றும் அழைக்கின்றன. அவை மருத்துவத் தொழிலையோ பிறர் நோய் தீர்க்கும் இயல்பையோ குறிப்பதாகச் சொல்கின்றன. திருமண ரேகையிலிருந்து எழுந்தால் பிள்ளை, தொடாமல் மேலே நின்றால் வைத்தியம் என்பதே இரண்டையும் பிரிக்கும் வரம்பு. அந்தத் தொடுதல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியைப் பொறுத்தது. தோல் வறண்டால் இடைவெளி மூடிக்கொள்ளும், எண்ணெய் தடவினால் திறந்துகொள்ளும். சலவைத் தூளும் சுண்ணாம்பும் சிமெண்டும் கையாள்வோரின் தோலில் வறட்சியாலேயே செங்குத்து வெடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றை எண்ணினால் ஓர் ஊரே பிறந்துவிடும்.

ஒரு கை, பல பலன்

மேற்சொன்ன விதிகளை ஒரே கையில் ஏற்றிப் பார்த்தால் அவற்றின் பலமும் பலவீனமும் தெளிவாகும். எடுத்துக்காட்டுக்காக, 32 வயதுப் பெண் ஒருவரின் கைகளைப் பின்வரும் அளவுகளோடு வைத்துக்கொள்ளலாம். இடக்கையில் இருதய ரேகைக்கும் சுண்டு விரலடிக்கும் இடையில் 20 மில்லிமீட்டர். முதல் கோடு 5 மில்லிமீட்டர் உயரத்தில், 4 மில்லிமீட்டர் நீளத்தில் மேலோட்டமாக இருக்கிறது. இரண்டாவது 11 மில்லிமீட்டர் உயரத்தில், 12 மில்லிமீட்டர் நீளத்தில், ஆழமாகத் தொடங்கிச் சற்றே மெலிந்து, நுனியில் 2 மில்லிமீட்டர் கவையோடு முடிகிறது. அதன்மேல் மூன்று செங்குத்துக் கோடுகள். இரண்டு தொட்டு நிற்கின்றன, ஒன்று தொடவில்லை. தொட்டு நிற்பவற்றுள் விளிம்புப் பக்கம் இருப்பது பருத்தது, மற்றது மெலிந்தது.

கீரோவின் வழியில் படித்தால் பலன் இப்படி அமையும்: 21 வயதுக்கு முன் ஓர் அன்பு, அது கைகூடவில்லை; 21 முதல் 28 வயதுக்குள் திருமணம்; நுனிக் கவையால் பிற்காலத்தில் விலகல்; முதலில் ஆண், அடுத்துப் பெண் என இரு குழந்தைகள். சமப்பிரிவுக் கணக்கில் திருமணம் 27 ½ வயதில் விழுகிறது; ஆனால் முதல் அன்பு 12 ½ வயதில் விழுகிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தோலை இழுக்கும் சோதனையில் முதல் கோடு மறைந்துவிட்டால், அந்த அன்பு நிகழவே இல்லை.

இனி, இருதய ரேகை விளிம்பில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்றும், மேல்கிளை 2 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது என்றும் கொள்ளலாம்; பல கைகளில் காணப்படும் அமைப்புத்தான் இது. மேல்கிளையிலிருந்து அளந்தால் மொத்த இடைவெளி 18, கோட்டின் உயரம் 9; திருமண வயது 25 ஆகிவிடுகிறது. அதே பெண்ணின் வலக்கையில் இடைவெளி 18 மில்லிமீட்டர், ஒரே கோடு 12 மில்லிமீட்டர் உயரத்தில் என்றால், வயது 33-ஐத் தாண்டுகிறது. பெண்ணுக்கு இடக்கை, ஆணுக்கு வலக்கை என்பது பழைய வழக்கு. இடக்கை பிறவியில் வந்தது, வலக்கை தாமாக ஆக்கிக்கொண்டது என்று இரண்டையும் பார்ப்பது புதிய வழக்கு. வேலை செய்யும் கையை மட்டும் பார்ப்பது மூன்றாவது வழக்கு. மூன்று வழக்குகளும் நடைமுறையில் இருப்பதால், 25 முதல் 33 வரை எந்த வயதைச் சொன்னாலும் அதற்கு ஒரு விதி துணைக்கு வரும். அவர் 26 வயதில் மணந்திருந்தால் பார்ப்பவர் இடக்கையைப் பிடிப்பார். இன்னும் மணமாகாதிருந்தால் வலக்கையைப் பிடிப்பார்.

தோல் சொல்வது

உடற்கூற்றியலில் இந்தக் கோடுகளுக்கு மடிப்புக் கோடுகள் என்று பெயர். உள்ளங்கையின் பெரிய மடிப்புகள் கருவின் 7-ஆம் வாரத்துக்கும் 14-ஆம் வாரத்துக்கும் இடையில் உருவாகிவிடுகின்றன. கை எந்த இடங்களில் மடங்கப்போகிறதோ அந்த இடங்களில் தோல் உள்ளே உள்ள திசுவோடு இறுகப் பற்றிக்கொள்வதே அவற்றின் வேலை. விளிம்பிலுள்ள சிறு கோடுகள், சுண்டு விரலை மடக்கும்போதும் உள்ளங்கையைக் குவிக்கும்போதும் தோல் மடிவதற்கான இரண்டாம் நிலை மடிப்புகள். அவற்றின் எண்ணிக்கையும் நீளமும் விரலடியின் அமைப்பு, தோலின் தடிமன், கொழுப்பின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தவை. ஆழம் கையின் உழைப்பையும் வயதையும் ஈரப்பதத்தையும் பொறுத்து மாறும். உடல் மெலிந்தவர் கையில் கோடுகள் கூடித் தெரிவதும், கை வீங்கியிருக்கும்போது அவை மங்குவதும் இதனால்தான்.

மருத்துவம் உள்ளங்கை மடிப்புகளைப் புறக்கணிக்கவில்லை. கைக்குக் குறுக்கே ஒரே மடிப்பு ஓடும் அமைப்பு டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளிடம் அதிகம் காணப்படுகிறது. ஆனால் நலமான பலரிடமும் அது உண்டு என்பதால், மருத்துவர் அதை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை. கருவில் கை உருவான விதத்தைப் பற்றி மடிப்பு ஏதோ சொல்லக்கூடும்; இன்னொரு வீட்டில் பிறந்து வளர்ந்த மணமகனைப் பற்றி அது சொல்வதற்கு எந்த வழியும் இல்லை.

குழந்தைகளின் எண்ணிக்கையில் இந்த உண்மை இன்னும் வெளிப்படை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 1992-93-இல் 3.4 ஆக இருந்து, 2019-21-இல் 2.0 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அது 1.8. மாறியது பெண்களின் கல்வியும் மணவயதும் கருத்தடை வசதியுமே தவிர, புதன் மேட்டின் தோல் அன்று. இந்த முரண்பாட்டைச் சமாளிக்கவே இக்காலக் கை பார்ப்பவர்கள் புத்திர ரேகை பிறக்கும் குழந்தைகளைக் காட்டுவதில்லை, பிறக்கக்கூடிய வாய்ப்பைக் காட்டுகிறது என்று விதியைத் தளர்த்திக்கொண்டார்கள். பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் பொய்க்காத விதி எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பலிப்பது எங்கே

அப்படியானால் பலன் பலிக்கிறது என்று இத்தனை பேர் நம்புவது எதனால் என்ற கேள்வி எஞ்சுகிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில், குறத்தி வசந்தவல்லியின் கையைப் பார்த்து அவள் மனத்திலிருக்கும் காதலைச் சொல்கிறாள். வசந்தவல்லியின் ஏக்கம் முகத்திலும் மெலிவிலும் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டது. கேட்பவர் மனம் முன்பே ஒன்றை நாடி நிற்கும்போது ரேகை அதற்கு ஒரு சாட்சியாகிறது.

1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேரிடம், ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதியது என்று சொல்லி, எல்லாருக்கும் ஒரே குணவிளக்கத்தைக் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டபோது, ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் கொடுத்தார்கள். இன்னோர் உளவியலாளரான ரே ஹைமனின் அனுபவம் கைரேகையையே நேரடியாகத் தொடுகிறது. இளமையில் கை பார்த்துப் பணம் ஈட்டிய அவர், தம் பலன்கள் பலிப்பதைக் கண்டு சாஸ்திரத்தை உண்மையாகவே நம்பினார். மேடை வித்தகரான ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற நண்பர், ரேகை சொல்வதற்கு நேரெதிரான பலனை வேண்டுமென்றே சொல்லிப் பார்க்கும்படி யோசனை கூறினார். ஹைமன் அப்படியே செய்தார். வந்தவர்கள் முன்போலவே நிறைவோடு போனார்கள். ஆழமான கோட்டை மெலிந்ததாகவும் நீண்டதைக் குறுகியதாகவும் படித்தாலும் பலன் குறையவில்லை என்றால், பலனைத் தருவது கோடு அன்று.

கை விளிம்பின் கோடுகளைப் பற்றிய சாஸ்திரம், மனிதர் உறவை எந்தச் சொற்களில் எண்ணிப் பார்த்தார்கள் என்பதற்கான பழைய ஆவணம் என்ற அளவில் படிக்கத் தக்கது. அதைத் தாண்டிப் போகும் இடங்களில்தான் எச்சரிக்கை தேவை. வளைந்த கோட்டைக் காட்டி ஒரு பெண்ணின் வரனைத் தட்டிக்கழிக்கும் வீட்டிலும், மெலிந்த கோடுகளைக் காட்டிப் பெண் குழந்தைதான் என்று மருமகளைக் கரித்துக்கொட்டும் வீட்டிலும், ஒரு மில்லிமீட்டர் தோல் சுருக்கத்துக்காக ஒரு வாழ்க்கை விலையாகக் கொடுக்கப்படுகிறது. திருமணமாகிக் கருத்தடை ஏதுமின்றி 12 மாதங்கள் கடந்தும் கருத்தரிக்கவில்லை என்றால், கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குறை இருவரில் எவரிடமும் இருக்கலாம், அதைக் கண்டறியும் முதற்கட்டப் பரிசோதனைகளும் எளியவை. அந்தக் காலத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் கோடு எண்ணுவதில் கழிக்க வேண்டாம்.